எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் கடன் கேட்பது: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வங்கிக் கிளைகளில் பல வருஷம் கடன் பிரிவில் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கோயில் வாசலிலும் என்னைப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்டவர்கள் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"ஆத்தங்குடியில பூக்கல் பட்டறை வச்சிருக்கேன். 5 லட்சம் எஃப்.டி. கிடக்கு. கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டுக்குத் தரைக்கல் ஆர்டர், 3 லட்சம் முதல் போடணும். அஞ்சு மாசத்துல பில் பணம் வந்துரும். உடைச்சுரவா, கடன் வாங்கவா?"

கடன் வாங்குங்கள். ஏன் என்று உங்கள் ரசீதை வைத்தே பார்க்கலாம்.

2023 ஜூலை 10 அன்று 5,00,000 ரூபாயை 3 வருஷத்துக்கு, 7 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் வகை. 2026 ஜூலை 10 அன்று சுமார் 6,15,720 ரூபாயாக முதிரும். பணம் உங்களுக்கு 2025 அக்டோபர் 10 அன்று வேண்டும். அன்றைக்கு டெபாசிட் ஓடி முடித்திருப்பது 2 வருஷம் 3 மாதம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் அதன் மதிப்பு சுமார் 5,84,490 ரூபாய்.

இப்போது உடைத்தால் வங்கி 7 சதவீதம் தராது. டெபாசிட் போட்ட அன்று 2 வருஷம் 3 மாதத்துக்கு என்ன வட்டி இருந்ததோ அதை எடுத்துக்கொள்ளும். அது 6.75 என்று வையுங்கள். அதிலிருந்து முன்கூட்டியே எடுத்ததற்காக அரையோ ஒன்றோ கழிக்கும். ஒன்று கழித்தால் 5.75. அந்த வட்டியை முதல் நாளிலிருந்தே திரும்பக் கணக்குப் போடுவார்கள். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை; இனிமேல் வரப்போகும் வட்டி மட்டும்தான் குறையும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 5.75 வீதத்தில் கையில் வருவது சுமார் 5,68,540. ஆக, கையெழுத்துப் போட்ட அந்த நிமிஷத்திலேயே 16,000 ரூபாய் போய்விடுகிறது.

கடனாக வாங்கினால், டெபாசிட் வட்டிக்கு மேல் 1 சதவீதம், அதாவது 8 சதவீதம் என்று வையுங்கள். வங்கிக்கு வங்கி இந்தக் கூடுதல் அரையிலிருந்து இரண்டு வரை மாறும், ஒன்று என்பது பரவலாக இருப்பது. 3 லட்சத்துக்கு ஆறு மாதம் வட்டி, மாதாமாதம் சேர்ந்தாலும், சுமார் 12,200 ரூபாய். அதே ஆறு மாதத்தில் உங்கள் டெபாசிட் 7 சதவீதத்தில் ஓடி சுமார் 20,640 ரூபாய் சம்பாதிக்கிறது.

ஆறு மாதம் கழித்து இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடன் வழியில் அசல் 3 லட்சத்தையும் வட்டியையும் கட்டிய பிறகு உங்களுக்கு நிற்பது சுமார் 5,92,930. உடைத்த வழியில், மிச்சம் 2,68,540-ஐ அன்றைய வட்டி 6.25-க்கு மறுபடி போட்டு, பில் பணம் 3 லட்சத்தையும் சேர்த்தால் சுமார் 5,77,000. வித்தியாசம் கிட்டத்தட்ட 16,000 ரூபாய். உடைத்த அன்று போன அதே பணம்தான் இது, கடைசி வரை திரும்ப வருவதில்லை.

நான் போட்ட 6.75, 6.25, 8 எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் கிளையில் கேட்டு அவர்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "இன்றைக்கு உடைத்தால் கையில் எவ்வளவு வரும்?" "இதன் மேல் கடன் என்றால் என்ன வட்டி?"

"சதவீதமெல்லாம் வேணாம் அண்ணே. நூத்துக்கு மாசம் எவ்வளவு விழும், அதச் சொல்லுங்க."

நம்ம ஊர்க் கேள்வி! வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து போன சீமை இது. ஓவர்சீஸ் வங்கியை எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். அப்படிப்பட்ட ஊரில் இன்னும் வாய்க்கணக்கு நூற்றுக்கு எத்தனை என்றுதான் ஓடுகிறது.

வருஷ சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் போதும். 12 சதவீதம் என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 9 சதவீதம் முக்கால் வட்டி. நம் உதாரணத்தில் 8 சதவீதம் என்றால் மாதம் நூற்றுக்கு 67 பைசா. ஆனால் அதே நூறு ரூபாய்க்கு டெபாசிட் பக்கம் 58 பைசா வந்துகொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது நூற்றுக்கு எட்டு, ஒன்பது பைசா. வெளியில் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கிவிட்டு, பீரோவில் எஃப்.டி. ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "அது அப்படியே இருக்கட்டும், தொடக்கூடாது" என்பார்கள். கடன் வாங்குவது அதைத் தொடுவது ஆகாது.

"5 லட்சத்துக்கும் முழுசாக் கொடுப்பாங்களா?"

மாட்டார்கள். பெரும்பாலும் 90 சதவீதம் வரை. உங்களுக்கு 4,50,000. சில வங்கிகள் இதுவரை சேர்ந்த வட்டியையும் கூட்டி அதில் 90 பார்க்கும், சில அசலில் மட்டும் பார்க்கும். மீதியை விட்டுவைப்பதற்குக் காரணம், கடன் வட்டி கட்டாமல் ஏறிக்கொண்டே போனாலும் டெபாசிட் தொகைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான்.

கிடைக்கிறதே என்று 4,50,000 கேட்காதீர்கள். சிமெண்ட், மணல், கலர் ஆக்சைடு, ஆள் கூலி என்று எழுதிக் கூட்டிப் பார்த்து, அதோடு பத்து சதவீதம் கைச்செலவு சேர்த்து அந்தத் தொகையைக் கேளுங்கள். பின்னால் பற்றாவிட்டால் அதே ரசீதின் மேல் மிச்ச வரம்புக்குக் கூடுதலாகக் கேட்க முடியும். ஆனால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கையெழுத்து.

"எத்தனை மாசம்னு எழுதணும்? நாள் போடாம விட்டா என்ன ஆகும்?"

நாள் எழுதாவிட்டால் கிளையில் அவர்களே ஒரு நாள் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் டெபாசிட் முதிரும் நாளையே கடனுக்கும் கடைசி நாளாகப் போடுவார்கள். கேட்க வசதியாகத்தான் தெரியும். கெடு தூரத்தில் இருந்தால் மனுஷன் கட்ட மாட்டான், அதுதான் பிரச்சினை. பில் பணம் மார்ச்சில் வந்தாலும் "ஜூலை வரைக்கும் டைம் இருக்கே" என்று வேறு எதிலோ போட்டுவிடுவோம்.

அதற்காக ரொம்பக் குறைத்தும் எழுதக்கூடாது. அஞ்சு மாதத்தில் பணம் வரும் என்றால் அஞ்சு மாதம் என்று எழுதாதீர்கள், ஆறு என்று எழுதுங்கள். தரைக்கல் போட்டு முடிந்தாலும், வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுத்தான் கடைசித் தவணை கொடுப்பார், இது நமக்குத் தெரியாததா? கெடு தாண்டினால் வங்கி அபராதக் கட்டணம் போடலாம். முன்பு இதை வட்டியோடு சேர்த்து, வட்டிக்கு வட்டியாக ஏற்றுவார்கள். ரிசர்வ் வங்கி விதியால் 2024 ஏப்ரல் முதல் புதுக் கடன்களில் அதைத் தனிக் கட்டணமாகத்தான் போட முடியும், அதன் மேல் மேலும் வட்டி ஏற்ற முடியாது. என்றாலும் காசு காசுதான்.

கெடுவுக்கு முன்பே கட்டினால்? இந்த வகைக் கடனில் பொதுவாகக் கட்டணம் எதுவும் கிடையாது. வட்டி தினசரி நிலுவைக்குத்தான். நாலாம் மாதம் ஒரு லட்சம் வந்தால் அன்றே கொண்டுபோய்க் கட்டுங்கள், மறுநாளிலிருந்து 2 லட்சத்துக்குத்தான் வட்டி. ஆகவே கெடு என்பது மேல் வரம்பு, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் மாறாது. கடன் காலம் டெபாசிட்டின் மீதிக் காலத்தைத் தாண்ட முடியாது. உங்களுக்கு ஒன்பது மாதம் மீதி இருக்கிறது, ஆறு கேட்பதில் சிக்கல் இல்லை. இரண்டு மாதத்தில் முதிரும் ரசீதைக் காட்டி ஒரு வருஷம் கேட்டால், முதலில் டெபாசிட்டைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். புதுப்பித்தால் டெபாசிட் வட்டி அன்றைய வீதத்துக்கு மாறும், கடன் வட்டியும் அதன் பின்னாலேயே மாறும்.

"கடுதாசி எப்படி எழுதணும்? ஒரு மாதிரி கொடுங்க."

வங்கிகளில் இதற்கென அச்சிட்ட படிவம் இருக்கிறது, அதையும் நிரப்பத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு கடிதம் எழுதி, நகலில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். படிவத்தில் தொகைக்கும் காலத்துக்கும் சின்னக் கட்டம்தான் இருக்கும். காலக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். கடிதத்தில் எழுதியிருந்தால் பிறகு பேச இடம் இருக்காது.

> தேதி: 10.10.2025
> இடம்: ஆத்தங்குடி
>
> பெறுநர்:
> கிளை மேலாளர் அவர்கள்,
> ………… வங்கி, காரைக்குடி கிளை.
>
> பொருள்: வைப்புத்தொகையை முடிக்காமல் அதன் பேரில் ரூ. 3,00,000 கடன், 6 மாதங்களுக்குக் கோருதல்.
>
> ஐயா,
>
> தங்கள் கிளையில் என் பெயரில் உள்ள ………… எண் வைப்புக் கணக்கில் 10.07.2023 அன்று ரூ. 5,00,000 செலுத்தியுள்ளேன். ஆண்டு வட்டி 7 சதவீதம். முதிர்வு நாள் 10.07.2026. இதன் பேரில் இதுவரை வேறு கடன் எதுவும் பெறவில்லை.
>
> என் தரைக்கல் பட்டறைக்கு மூலப்பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் ரூ. 3,00,000 (மூன்று லட்சம் ரூபாய் மட்டும்) தேவைப்படுகிறது. இந்த வைப்பை முடிக்காமல், இதன் பிணையில் மேற்படி தொகையை 10.04.2026 வரை, ஆறு மாத காலத்துக்குக் கடனாக வழங்கி, ………… எண்ணுள்ள என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> அசலையும் வட்டியையும் கெடு நாளுக்குள் செலுத்திவிடுகிறேன். இடையில் பகுதித் தொகை செலுத்தினால் அதை ஏற்று, அன்றிலிருந்து நிலுவைத் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிடக் கோருகிறேன். என்னிடம் எழுத்து மூலம் கேட்காமல், முதிர்வுக்கு முன் இந்த வைப்பை முடிக்க வேண்டாம்.
>
> கடனுக்கான வட்டி வீதத்தையும், கட்டணங்கள் ஏதும் இருப்பின் அவற்றையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இணைப்பு: வைப்பு ரசீது அசல், ஆதார், பான் அட்டை நகல்கள்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
> (பெயர், முகவரி, கைபேசி எண்)

கடிதத்தில் கவனிக்க வேண்டியது பொருள் வரி. அங்கேயே "முடிக்காமல்" என்ற சொல்லும் தொகையும் காலமும் வந்துவிட்டன. மேலாளர் முழுக்கப் படிக்காமல் மேசை மாற்றிவிட்டாலும், அடுத்த மேசையில் இருப்பவர் அந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். காலத்தை "ஆறு மாதம்" என்றும் எழுதுங்கள், தேதியாகவும் எழுதுங்கள். "ஆறு மாதம்" என்று மட்டும் போட்டால், கடிதம் கொடுத்த நாளிலிருந்தா, கடன் கொடுத்த நாளிலிருந்தா என்ற பேச்சு வரும்.

ரசீது காகிதமாக இருந்தால், அதன் பின்பக்கம் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்துக் கேட்பார்கள். இதைப் பார்த்துப் பயந்து "உடைக்க வேண்டாம்னுதானே சொன்னேன்" என்று எழுந்து போன ஆச்சி ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பயம் நியாயம்தான். முதிர்வுப் பணம் வாங்கும்போதும் அதே இடத்தில்தான் கையெழுத்து. ஆனால் இது பிணைக்காக வாங்குவது. கடன் கட்டாமல் போனால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வங்கிக்கு உரிமை கொடுக்கிறீர்கள். ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கில் 'லியன்' என்று ஒரு பூட்டுப் போடுவார்கள். இணையத்தில் போட்ட எஃப்.டி. என்றால் காகிதமே கிடையாது, பூட்டு மட்டும்தான்.

"கடன்னா ஒண்ணு, ஓ.டி.ன்னா ஒண்ணுங்கறாங்க. எது வாங்க?"

கடன் என்றால் 3 லட்சமும் முதல் நாளே உங்கள் கணக்குக்கு வந்துவிடும், அன்றிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி. ஓ.டி. என்றால் 3 லட்சம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம்பு. எடுத்ததற்கு, எடுத்த நாளிலிருந்து மட்டும் வட்டி.

பட்டறைக்காரருக்கு ஓ.டி.தான் பொருந்தும். கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கலர் ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வேலை. அது நாள் கணக்கில் நடப்பது, கூலி சனிக்கிழமை சனிக்கிழமை போவது. முதல் மாதம் ஒரு லட்சம், இரண்டாம் மாதம் இன்னொன்று, மூன்றாம் மாதம்தான் மூன்றும் வெளியே போகிறது என்று வையுங்கள். 8 சதவீதத்தில் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 667 ரூபாய். முதல் மாதம் 667, இரண்டாம் மாதம் 1,333, அப்புறம் நாலு மாதம் 2,000 வீதம் 8,000. மொத்தம் 10,000. கடனாக எடுத்திருந்தால் 12,000-க்கு மேல். இடையில் வீட்டுக்காரர் முன்பணம் கொடுத்தால் ஓ.டி. கணக்கிலேயே போட்டுவையுங்கள், வேண்டும்போது திரும்ப எடுக்கலாம்.

ஒரே ஒரு செலவுக்கு ஒரே நாளில் முழுத் தொகை போகிறது என்றால், மகள் கல்லூரிக் கட்டணம் மாதிரி, கடனே போதும். ஓ.டி. இருந்தால் கை அரிக்கும் என்பது என் அனுபவம்.

தனி ஒருவர் பெயரில் உள்ள டெபாசிட் என்றால் பல வங்கிகளின் செயலியிலேயே ஓ.டி. எடுத்துவிடலாம், கிளைக்குப் போகவே வேண்டாம். அங்கேயும் தொகை, காலம் இரண்டையும் நீங்களே நிரப்புங்கள். திரையில் தானாக வந்து நிற்கும் எண் பெரும்பாலும் அதிகபட்ச வரம்பாக இருக்கும்.

"பாண்டு அம்மா பேர்லயும் என் பேர்லயும் சேர்ந்து இருக்கு. 'யாராவது ஒருத்தர்'னு போட்டிருக்கு. நான் மட்டும் கையெழுத்துப் போட்டா ஆகாதா?"

ஆகாது. 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்பது முதிர்ந்த பணத்தை வாங்குவதற்கான ஏற்பாடு. டெபாசிட்டை அடகு வைப்பதற்கு எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா மலேசியாவில் அண்ணன் வீட்டில் இருந்தால், ஊருக்கு வரும் சமயம் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது படிவத்தை அங்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கினால் ஏற்பார்களா, எப்படிச் சான்று வேண்டும் என்று கிளையில் முன்கூட்டியே கேளுங்கள். திருவிழா, கல்யாணம் என்று சொந்தமெல்லாம் ஊரில் கூடும் வாரத்தில் எங்கள் கிளையில் கூட்டுக் கையெழுத்து வேலைகள்தான் அதிகம் நடக்கும்.

டெபாசிட் அம்மா பெயரில் மட்டும் இருந்து, கடன் உங்கள் பெயரில் வேண்டும் என்றாலும் வழி உண்டு. அம்மா பிணை கொடுக்கச் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கும்போது சில வங்கிகள் வட்டியைக் கூட்டும். அம்மா பெயரிலேயே கடனை எடுத்துவிட்டு நீங்கள் கட்டுவது பல வீடுகளில் சுலபம்.

"ஆச்சிக்கு சீனியர் சிட்டிசன்னு அரை பர்சன்ட் கூட வருது. கடனுக்கும் அந்த அரை கூடுமா?"

கூடும். டெபாசிட் 7.5 என்றால் கடன் 8.5. வித்தியாசம் அதே ஒன்றுதான், ஆகவே நஷ்டம் இல்லை. வீட்டில் ஒரே அளவில் இரண்டு ரசீது இருந்து, ஒன்று ஆச்சி பெயரிலும் ஒன்று உங்கள் பெயரிலும் இருந்தால் எதன் மேல் வாங்கினாலும் நிகரச் செலவு ஒன்றே.

"எந்த ரசீது மேல கடன் கிடைக்காது?"

வருமான வரி விலக்குக்காகப் போட்ட ஐந்து வருஷ டெபாசிட்டின் மேல் கிடைக்காது. அதை நடுவில் உடைக்கவும் முடியாது. வேறு வங்கியின் ரசீதைக் கொண்டுபோனாலும் கொடுக்க மாட்டார்கள், ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கிறது. ரசீது எந்த வங்கியினுடையதோ அங்கேதான் கேட்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அண்ணன் அனுப்பிப் போட்ட என்.ஆர்.ஈ. டெபாசிட்டின் மேல் கிடைக்கும். ஆனால் அந்தப் பணத்தை வட்டிக்கு விடவோ, விவசாயம், தோட்டத் தொழிலில் போடவோ, நிலம் வாங்கி விற்கும் தொழிலில் போடவோ கூடாது.

"கடன் வாங்கிட்டா டெபாசிட் வட்டிக்கு வரி பிடிக்க மாட்டாங்கதானே?"

பிடிப்பார்கள். டெபாசிட் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, வட்டியும் உங்கள் கணக்கில்தான் சேர்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ்., மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். நம் உதாரண ரசீதுக்கு மூன்றாம் வருஷ வட்டி சுமார் 41,000, அதே வங்கியில் வேறு டெபாசிட் இல்லை என்றால் பிடித்தம் வராது. பட்டறைக்கு வாங்கிய கடன் என்பதால், கட்டிய 12,200 வட்டியைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டலாம். வட்டிச் சான்று கேட்டு வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள்.

"அப்போ உடைக்கவே கூடாதா?"

அப்படிச் சொல்லவில்லை. டெபாசிட் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, 3 லட்சம் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப வராது என்றால் உடைப்பதே மேல். 5 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 2,900 ரூபாய்தான். மொத்தமும் போனாலும் நஷ்டம் அவ்வளவே. கடன் வாங்கினால் ஒரு சதவீத வித்தியாசமே இரண்டு வருஷத்துக்கு 6,000 ஆகிறது. இன்றைய டெபாசிட் வட்டி நீங்கள் போட்ட வட்டியை விட நன்றாக ஏறியிருந்தாலும் உடைத்து மறுபடி போடுவது லாபமா என்று ஒரு கணக்குப் பார்க்கலாம். டெபாசிட் பழசாக ஆக, உடைக்கும் நஷ்டம் ஏறும். தேவைப்படும் காலம் நீள நீள, கடனின் செலவு ஏறும். இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பாருங்கள்.

அடுத்த முறை போடும்போது 5 லட்சத்தை ஒரே ரசீதாகப் போடாமல் ஒவ்வொரு லட்சமாக ஐந்து போடுங்கள். உடைக்க நேர்ந்தாலும் மூன்றைத்தான் உடைப்பீர்கள்.

"கெடு தாண்டி, முதிர்வும் வந்துருச்சு. கட்ட முடியல. வீட்டுக்கு ஆள் வருமா?"

வராது. முதிர்வுத் தொகையில் கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள்.

"கடனைக் கட்டி முடிச்சாச்சு. இனி என்ன பண்ணணும்?"

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானே விட்டிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு வங்கியில் என் சொந்த டெபாசிட் மேல் கடன் வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியம் செயலி காட்டிய தொகையை அப்படியே கட்டினேன். கணக்கு பூஜ்யம் என்றுதான் காட்டியது. அன்றைய நாள் வட்டி அதற்குப் பிறகு ஏறி, 37 ரூபாய் பாக்கி நின்றது எனக்குத் தெரியாது. கணக்கு மூடவில்லை, பூட்டும் எடுக்கவில்லை. முதிர்வு நாளில் சேமிப்புக் கணக்கைத் திறந்து பார்த்தால் பணம் வரவில்லை. கிளைக்குப் போனால், "சார், இதில் லியன் இருக்கே" என்றார் அந்தப் பெண். முப்பத்தேழு ரூபாய்க்காக லட்சங்கள் மூன்று நாள் நின்றன. அந்த மூன்று நாளுக்கு என்ன வட்டி என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது வேறு கதை.

ஆகவே கடைசிப் பணத்தைக் கிளைக்கே போய், "இன்றைய தேதிக்கு முடிக்க எவ்வளவு" என்று கேட்டுக் கட்டுங்கள். செயலியில் கட்டினால் நூறு ரூபாய் கூட வைத்துக் கட்டுங்கள், மிச்சம் திரும்ப வரும். பிறகு மூன்று காரியம். கடன் கணக்கு மூடியதற்கு ஒரு சீட்டு வாங்குங்கள். காகித ரசீது கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்குங்கள். பின்பக்கம் நீங்கள் போட்ட கையெழுத்தை அடித்து, 'பிணை நீக்கப்பட்டது' என்று எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து செயலியில் அந்த டெபாசிட்டைத் திறந்து, `Lien Amount` என்ற இடத்தில் `0.00` நிற்கிறதா என்று பாருங்கள். வேறு எண் நின்றால் அன்றே கிளைக்கு எழுதுங்கள், முதிர்வு நாள் வரை காத்திருக்காதீர்கள்.